படம் மட்டும் வந்து 'இது வேணும்' என்றால்: குழாய்ச் சாமான் கவுண்டருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துக் குழாய்ச் சாமான் கடைகளுக்கு இப்போது நிறைய ஆர்டர் வாட்ஸ்அப்பில் படமாகத்தான் வருகிறது. அனுப்புகிற பிளம்பர் ஏதோ ஒரு அபார்ட்மெண்டில் மெயின் வால்வை மூடிவிட்டு நிற்கிறார். மாடியில் இருப்பவர்கள் தண்ணீர் எப்போது வரும் என்று செக்யூரிட்டியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். படத்தில் ஒரு உடைந்த எல்போ, கீழே 'அண்ணா இது ரெண்டு' என்று ஒரு வரி. கவுண்டரில் இருப்பவர் கண்ணுக்கு அது மூன்று சாமானாகவும் தெரியும். அந்த மூன்றை அவருக்குத் திருப்பிக் காட்டி ஒன்றைச் சொல்ல வைப்பதற்குத்தான் மெனு. அது எந்தெந்த இடத்தில் சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது என்று அறிகுறி வாரியாகக் கீழே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், அதிகச் செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

அறிகுறி 1: மெனு போய்விட்டது, நீல டிக்கும் விழுந்துவிட்டது, பதில் இல்லை

முதல் காரணம் நீளம். அவர் கை ஈரமாக இருக்கிறது. போனைத் திறக்காமல் பூட்டுத் திரையில் தெரிகிற முதல் இரண்டு வரியைத்தான் பார்க்கிறார். அந்த இடத்தில் 'வணக்கம் அண்ணா, உங்க படம் கிடைச்சுது, பாத்துட்டு இருக்கோம்' என்று இருந்தால் கேள்வியே அவர் கண்ணில் படவில்லை. இப்படிப் போகிற செய்தி தூங்கிவிடும்:

> அண்ணா இது சிபிவிசியா யுபிவிசியா தெரியல, சைஸ் முக்காலா அரையா சொல்லுங்க, எந்த கம்பெனி வேணும், ரெண்டு போதுமா, பித்தளை திரெட் வெச்சது இருக்கு அதுவா, சாதா எல்போவா?

ஐந்து கேள்வி. ஒன்றுக்குப் பதில் தெரியவில்லை என்றாலும் போனைப் பாக்கெட்டில் போட்டுவிடுவார். அதையே இப்படி அனுப்ப வேண்டும்:

> எது? நம்பர் மட்டும் போடுங்க
> 1 க்ரீம் பைப், சாதா எல்போ
> 2 வெள்ளை பைப், சாதா எல்போ
> 3 ஒரு பக்கம் பித்தளை திரெட்
> 0 இது எதுவும் இல்லை

மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவது வாய்ப்பு மனதில் இருந்தால் அதை 0 பார்த்துக்கொள்ளும். கம்பெனி, எண்ணிக்கை, விலை எல்லாம் அவர் ஒரு எண்ணைச் சொன்ன பிறகு கேட்கிற கேள்விகள். ஒவ்வொரு வரியும் அவர் நிற்கிற இடத்திலிருந்தே கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்றில் தொடங்க வேண்டும். கேட்லாக் நம்பரையோ மில்லிமீட்டரையோ வைத்துக் கேட்டால் கையில் அளக்கிற டேப் இல்லாதவர் ஊகிப்பார். ஊகத்தை நம்பிச் சாமான் கட்டினால் அது திரும்பி வரும்.

அடுத்த காரணம் தாமதம். ஸ்டாக் இருக்கிறதா என்று பின்னால் போய்த் தேடிவிட்டு வந்து மெனு அனுப்புகிறவர்கள் உண்டு. அதற்குள் அவர் பக்கத்துக் கடைக்கு நடந்திருப்பார். மெனுவை முதலில் அனுப்பிவிட்டு, அவர் பார்க்கிற நேரத்தில் ரேக்கைப் பாருங்கள்.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. படத்தின் மேல் 'Forwarded' என்று இருந்தால், அனுப்பியவர் உடைந்த இடத்திலேயே இல்லை. வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து தள்ளிவிட்ட படமாக இருக்கும். அவரிடம் பைப் க்ரீமா வெள்ளையா என்று கேட்டுப் பயனில்லை. மெனுவை அந்தப் படத்தோடு சேர்த்தே, படத்தின் கீழ் வரியாக அனுப்புங்கள். 'இதை அப்படியே ஸ்பாட்ல இருக்கறவருக்கு அனுப்புங்க சார்' என்று ஒரு வரி போதும். படமும் கேள்வியும் தனித்தனியாகப் போனால் வழியில் ஒன்று விட்டுப்போகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஐந்து நிமிடத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு போன். பேசும்போதும் அதே கேள்விதான்: 'அண்ணா, பைப் க்ரீமா வெள்ளையா?' அதற்கு மேல் பேச்சை வளர்த்தால் மெனு போட்டதே வீண்.

அறிகுறி 2: 'ஆமா' என்று பதில், அல்லது கட்டைவிரல் மட்டும்

மூன்று வாய்ப்பு கொடுத்த இடத்தில் 'ஆமா' வந்தால், பெரும்பாலும் முதல் வரி 'இதுதானா?' என்று இருந்திருக்கும். அவர் அதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். முதல் வரியை 'எது?' என்று மாற்றினாலே இது பெரிதும் குறையும்.

அப்படியும் 'ஆமா' வந்தால் அதை 1 என்று எடுத்துக்கொண்டு சாமான் கட்டாதீர்கள். இரண்டாவது முறை மூன்றையும் திரும்ப அனுப்பாமல், மிக வாய்ப்புள்ள இரண்டை மட்டும் எதிரெதிராகக் கேளுங்கள்: 'க்ரீம்னா 1, வெள்ளைன்னா 2'.

இன்னொரு சிக்கல், ஒரே நேரத்தில் நாலைந்து படம் வருவது. எல்லாப் படத்துக்கும் 1, 2, 3 என்று மெனு போட்டால், '2' என்று வருகிற பதில் எந்தப் படத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. அந்தந்தப் படத்தைத் தள்ளி, அதற்கான பதிலாகவே மெனுவைப் போடுங்கள். அதோடு எண்ணையும் தொடர விடுங்கள்: முதல் படத்துக்கு 1, 2, 3, இரண்டாம் படத்துக்கு 4, 5, 6. அவர் '2, 6' என்று ஒரே வரியில் எழுதினாலும் குழப்பமில்லை. பூஜ்யத்துக்குப் பதில் அப்போது 'எதுவும் இல்லைன்னா அந்தப் படத்தை மட்டும் திரும்ப அனுப்புங்க' என்று சொல்லிவிடலாம்.

அறிகுறி 3: எண்ணைச் சரியாகச் சொன்னார், சாமான் போய்ச் சேர்ந்தது, பொருந்தவில்லை

அதிகம் நஷ்டம் வைப்பது இதுதான். பைக்கில் ஒரு பையன் அல்சூரிலிருந்து இந்திரா நகர் போய்த் திரும்புவதற்குள் எல்போவின் விலையைப் போலப் பல மடங்கு செலவாகிவிடும். தண்ணீரும் இன்னும் மூடியே இருக்கும். தப்பு பெரும்பாலும் அவர் தேர்ந்தெடுத்ததில் இருக்காது. மெனுவின் இரண்டு வரிகளைப் பிரித்துக் காட்டும் அடையாளம் அந்தப் படத்தில் இல்லை என்பதுதான் தப்பு.

ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். குளியலறை, மஞ்சள் பல்பு, விரிசல் விட்ட ஒரு எல்போ, அதிலிருந்து ஒரு பைப் சுவருக்குள் போகிறது. பக்கத்தில் அளவுக்கு ஒப்பிட எதுவும் இல்லை. கவுண்டரில் பார்ப்பவர் உடனே 'சி.பி.வி.சி. முக்கால்' என்பார். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சி.பி.வி.சி. முக்கால் பைப்பின் வெளி விட்டம் 22.2 மில்லிமீட்டர், யு.பி.வி.சி. அரை பைப்பின் வெளி விட்டம் 21.3. படத்தில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஒன்றை முக்கால் என்றும் மற்றதை அரை என்றும் சொல்வதால் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று தோன்றும். இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இதே மாதிரி இன்னொரு ஜோடியும் உண்டு: சி.பி.வி.சி. ஒரு இஞ்ச் 28.6, யு.பி.வி.சி. முக்கால் 26.7. சி.பி.வி.சி. செம்புக் குழாயின் அளவு வரிசையிலும், யு.பி.வி.சி. இரும்புப் பைப்பின் அளவு வரிசையிலும் போவதால் இப்படி ஆகிறது. மெனு போடும்போது இந்த இரண்டு ஜோடியும் மனதில் இருந்தால் போதும்; குழாய்ப் படங்களில் வருகிற குழப்பத்தில் பெரும்பகுதி இவற்றில் அடங்கிவிடும்.

ஆகவே இந்தப் படத்துக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: ரகம் எது, அளவு எது. இரண்டையும் ஒரே கேள்வியில் போட்டுக் குழப்பாமல், முதலில் ரகம்.

ரகத்தைச் சொல்வது நிறம். சி.பி.வி.சி. க்ரீம், யு.பி.வி.சி. பொதுவாக வெள்ளை. ஆனால் மஞ்சள் பல்பில் வெள்ளையும் க்ரீமாகத்தான் தெரியும். போர்வெல் தண்ணீரின் உப்புப் படிந்த க்ரீம் பைப் வெளுத்தும் தெரியும். அதனால் படத்தின் நிறத்தை நம்பி நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அவரிடமும் வெறுமனே 'என்ன கலர்' என்று கேட்காதீர்கள். பிளம்பர் பையில் டெஃப்லான் டேப் கட்டாயம் இருக்கும், அது வெள்ளை. 'டெஃப்லான் டேப்பைப் பைப் மேல வெச்சுப் பாருங்க' என்று சொன்னால் அதே வெளிச்சத்தில் இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். பைப் டேப்பை விட மஞ்சளாக இருந்தால் 1, ஒரே மாதிரி இருந்தால் 2.

சுவருக்கு வெளியே ஒரு அடியாவது பைப் தெரிந்தால் இன்னும் நல்லது, அதன் மேல் அச்சு ஓடும். ஐ.எஸ். 15778 அல்லது எஸ்.டி.ஆர். என்று இருந்தால் அது சி.பி.வி.சி.தான். ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று எஸ்.சி.எச். எழுத்தோடு இருந்தால் சிறிய சைஸ் வெள்ளைப் பைப்பில் அது யு.பி.வி.சி.தான். அந்த எழுத்தின் படம் ஒன்று வந்துவிட்டால் மெனுவே தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கை. கீசரிலிருந்து வருகிற சூடுதண்ணி லைன் என்றால் யு.பி.வி.சி. இருக்கக் கூடாது, ஆகவே 2-ஐ மெனுவிலிருந்து எடுத்துவிடலாம். பச்சைத்தண்ணி லைன் என்று சொன்னால் எதையும் எடுக்க முடியாது. பெங்களூர் அபார்ட்மெண்ட் குளியலறைகளில் இரண்டு லைனையும் சி.பி.வி.சி.யிலேயே ஓட்டுவது சகஜம். 'பச்சைத்தண்ணி லைனா? அப்போ யு.பி.வி.சி.' என்று மெனுவைச் சுருக்கினால் தவறான சாமான் போகும்.

அளவுக்குப் பத்து ரூபாய்க் காயின். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கிறது. எல்போவின் மேல் வைக்கச் சொல்லாதீர்கள். எல்போவின் வாய் பைப்பை விடத் தடிமன், அளவு ஏமாற்றும். வெறும் பைப்பின் குறுக்கே வைத்து நேராக மேலிருந்து ஒரு படம். காயின் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீண்டால் சி.பி.வி.சி. முக்கால் அல்லது யு.பி.வி.சி. அரை. காயினும் பைப்பும் சரிசமமாக இருந்தால் யு.பி.வி.சி. முக்கால். பைப் காயினைக் கொஞ்சம் தாண்டினால் சி.பி.வி.சி. ஒரு இஞ்ச். காயினில் பாதிக்குச் சற்று மேல்தான் பைப் அகலம் என்றால் சி.பி.வி.சி. அரை, அது 15.9. ரகம் முதலிலேயே தெரிந்துவிட்டதால் காயின் படம் வந்ததும் ஒரே பதில்தான் மிஞ்சும்.

மேலே சொன்ன படத்துக்கு டெஃப்லான் டேப் பார்த்து '1' என்று வந்தது, காயின் இரு பக்கமும் நீண்டது என்று வைத்துக்கொள்வோம். சி.பி.வி.சி. முக்கால். இப்போது கடைசியாக ஒன்று: அந்த எல்போவில் தண்ணீர் பிடிக்கிற குழாய் மாட்டுகிற பாயின்ட் இருக்கிறதா? இருந்தால் சாதா எல்போ பயன்படாது, முக்காலுக்கு அரை பித்தளை எல்போ வேண்டும். உடைந்த சாமான் பாதி சுவருக்குள் இருக்கும்போது திரெட் பக்கம் படத்தில் தெரியாது. அதனால்தான் மெனுவில் 3 இருக்கிறது.

இங்கே கடைக்காரர் முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மிஞ்சியிருப்பது இரண்டே வாய்ப்பு, இரண்டும் சில்லறை விலைச் சாமான் என்றால் அடுத்த கேள்வி கேட்காமல் இரண்டையும் கொடுத்தனுப்பி, மிஞ்சியதைத் திரும்ப வாங்கிக்கொள்வதே மேல். அவசரத்தில் இருப்பவரிடம் மூன்றாவது கேள்வி கேட்பதை விட அது மலிவு. பித்தளை எல்போ, பால் வால்வு மாதிரி விலை கூடிய சாமானுக்கு மட்டும் கேள்வியைத் தொடருங்கள்.

தப்பான சாமான் போய்விட்ட பிறகு 'பரவாயில்ல, சொல்யூஷன் நிறையப் போட்டு அடைச்சிடறேன்' என்று பதில் வரும். இதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. யு.பி.வி.சி. அரை பைப் சி.பி.வி.சி. முக்கால் எல்போவுக்குள் நுழையும், ஆனால் லூசாக நிற்கும். சொல்யூஷன் பைப்பையும் எல்போவையும் கரைத்து ஒட்ட வைப்பதற்காக இருக்கிறது. இடைவெளியை நிரப்புவதற்கு அல்ல. டெஸ்ட் செய்யும்போது நிற்கும், மோட்டார் போட்டு முழு அழுத்தம் வந்த பிறகு கசியும். டைல்ஸ் ஒட்டிய சுவருக்குள் கசிந்தால் கீழ் வீட்டு சீலிங்கில்தான் தெரியவரும். இரண்டாவது முறை பைக் அனுப்புகிற செலவு கடையுடையதாக இருந்தாலும் சரி, அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி 4: மெனு மாற்றி மாற்றி அனுப்பியும் '0' வருகிறது

படத்தின் நடுவில் இருப்பதைத்தான் கேட்கிறார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அவருக்கு வேண்டியது ஓரத்தில் பாதி தெரிகிற வால்வாக இருக்கலாம். எல்போவின் மூன்று வகையை எத்தனை முறை அனுப்பினாலும் 0-தான் வரும். முதல் 0 வந்ததுமே வகையை மாற்றாமல் இடத்தைக் கேளுங்கள். அவர் படத்தை வாட்ஸ்அப்பிலேயே திறந்து, சிவப்பில் இரண்டு வட்டம் போட்டு 1, 2 என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். சொல்லில் எழுதினால் அவருடைய பெயரும் உங்களுடைய பெயரும் வேறாக இருக்கும். வட்டத்துக்குப் பெயர் தேவையில்லை.

இடம் சரிதான், இன்னும் 0 என்றால் பழைய கட்டடமாக இருக்கும். ஜி.ஐ. லைனிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறுகிற இடத்தில் வேண்டியது எல்போவே இல்லை, திரெட் வைத்த ஒரு இணைப்பு: ஜி.ஐ. பைப் பக்கம் உள் திரெட்டா, வெளி திரெட்டா என்பதுதான் கேள்வி. அதையும் சொல்லில் கேட்காமல், கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மார்க்கரில் 1, 2 என்று அட்டையில் எழுதி, ஒரு படம் எடுத்து அனுப்பலாம். அவர் படம் எடுத்த கோணத்திலேயே நீங்களும் எடுத்தால் ஒப்பிடுவது சுலபம். அரை, முக்கால் எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடுக்காதீர்கள், அது கேட்லாக் ஆகிவிடும்.

சாம்பல் நிற பைப் என்றால் வேறு வரிசை: 20, 25, 32 மில்லிமீட்டர் என்று வெளி விட்டத்தாலேயே சொல்கிற பி.வி.சி.யாக இருக்கக்கூடும். மேலே சொன்ன சாமான் எதுவும் அதில் சரியாகச் சேராது.

இரண்டு மெனுவுக்கு மேல் போகாதீர்கள். மூன்றாவதுக்குப் பதில்: 'உடைஞ்சதை வெட்டி எடுத்து, பையன்கிட்ட கொடுத்து விடுங்க அண்ணா. அரை மணிக்குள்ள கொடுத்தனுப்பறோம்.'

அறிகுறி 5: படத்தில் ஒன்றுமே தெரியவில்லை

மங்கலான படத்துக்கு மெனு போடாதீர்கள். ஊகித்து மூன்று எழுதினால் அவர் அதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார், அதுதான் ஆபத்து. ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: 'லென்ஸைத் துடைச்சு, ஒரு முழம் தள்ளி நின்னு ஒண்ணு எடுங்க.' ரொம்பக் கிட்டப் போனால் ஃபோகஸ் பிடிக்காது. ஈரமான பைப்பில் ஃபிளாஷ் அடித்தால் நிறம் போய்விடும். பைப் மேல் எழுத்து வேண்டும் என்றால் 'HD' என்று தொட்டு அனுப்பச் சொல்லலாம்.

மெனு போடவே கூடாத படங்கள்: எப்போது ஆளை அழைக்க வேண்டும்

சுவருக்குள் பதித்த டைவர்ட்டர், சிங்கிள் லீவர் மிக்ஸர் இவற்றின் கார்ட்ரிட்ஜ் படம் வந்தால் எண் போட்டுக் கேட்காதீர்கள். பொதுவாக 35, 40 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு ஓடினாலும், அடியில் இருக்கிற துளையும் மேல் தண்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படத்தில் ஒன்று போலத் தெரிவது உள்ளே உட்காராது. கைப்பிடியில் இருக்கிற பெயரைப் பார்த்து அந்தக் கம்பெனியின் சர்வீஸுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், அல்லது பழைய கார்ட்ரிட்ஜைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கீசரின் சேஃப்டி வால்வும் அப்படியே. அது எத்தனை அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது கீசரின் பட்டையில் எழுதியிருக்கும்; உருவத்தைப் பார்த்து ஒன்றைக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. கீசரின் மாடலோடு கம்பெனி ஆளை அழைக்கச் சொல்லுங்கள்.

அனுப்பியவர் பிளம்பர் இல்லை, வீட்டுக்காரர்தான் என்று தெரிந்து, பைப் சுவருக்குள் உடைந்திருந்தால், சாமான் பெயரைக் கேட்பதை நிறுத்திவிட்டு முதலில் 'மெயின் வால்வை மூடிட்டீங்களா சார்?' என்று கேளுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த பிளம்பர் ஒருவரின் நம்பரைக் கொடுங்கள். மெனு அந்தப் பிளம்பருக்குப் போகட்டும்.

அடுப்புக்குப் போகிற கேஸ் லைனின் படமாக இருந்தால் பதில் ஒரே வரி: 'கடைச் சாமான் போடக் கூடாது, கேஸ் கம்பெனியைக் கூப்பிடுங்க.' வாசனை வருகிறது என்று சொன்னால் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வரச் சொல்லி, பில்லில் இருக்கிற அவசர எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். இதை எழுதி அனுப்பாமல் நேராகப் போனில் கூப்பிட்டே சொல்லுங்கள்.